சீட்டில் அம்மாபேட்டையைக் காணோம்: டெலிவரி வரிசை போடும் ஜெனடிக் அல்காரிதத்தில் பிழை தேடுவது

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மாமாவுக்கு மொத்த மளிகைக் கடை. ஜவ்வரிசி, வெல்லம், பருப்பு மூட்டைகளைக் காலையில் குட்டி யானையில் ஏற்றினால், ஊரிலுள்ள சில்லறைக் கடைகளுக்கு இறக்கிவிட்டு வண்டி மதியம் திரும்பும். எந்தக் கடைக்கு முதலில் போவது, எதற்கு அடுத்தது என்ற வரிசையைப் போட நான் ஒரு ஜெனடிக் அல்காரிதம் எழுதிக் கொடுத்தேன். குலுக்கலில் கிடைத்த சில வரிசைகளில் நல்லவற்றைத் தேர்ந்தெடுத்து, இரண்டிரண்டாகக் குறுக்கேற்றிக் கலந்து, சிலவற்றைச் சடுதிமாற்றம் என்று கொஞ்சம் கலைத்து, தலைமுறை தலைமுறையாகச் சிறப்பாக்கும் முறை அது. மூன்றாம் நாளே டிரைவர் அண்ணன் போன் செய்தார்: "தம்பி, சீட்டுல அஞ்சு ரோடு ரெண்டு தடவ இருக்குது. அம்மாபேட்டையைக் காணோம். கடைக்காரர் மாமாவுக்குப் போன் போட்டுத் திட்டிட்டாரு."

இந்த வகை நிரலின் வம்பே இதுதான். பிழை இருந்தாலும் அது நிற்காது, சிவப்பு எழுத்தில் கத்தாது. ஏதோ ஒரு வரிசையை அச்சடித்துக்கொண்டே இருக்கும். அதனால் அறிகுறியைப் பார்த்துத்தான் நோயைப் பிடிக்க வேண்டும். நான் பட்ட அறிகுறிகளை, பட்ட வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் சோதனைக்கான சின்னக் கணக்கு. ஆறு கடைகள் போதும்: 1 சூரமங்கலம், 2 ஐந்து ரோடு, 3 அஸ்தம்பட்டி, 4 கன்னங்குறிச்சி, 5 அம்மாபேட்டை, 6 கொண்டலாம்பட்டி. 0 என்பது செவ்வாய்ப்பேட்டைக் கடை. கீழே இருப்பவை டிரைவர் அண்ணன் தன் அனுபவத்தில் சொன்ன நிமிடங்கள். காலை பத்து மணிப் போக்குவரத்துக்கு அவர் போட்ட கணக்கு இது, வரைபடத்திலிருந்து எடுத்ததல்ல.

```python
T = [
 [ 0,14, 9,11,20,13,12],
 [14, 0, 8,15,23,24,17],
 [ 9, 8, 0, 8,16,17,19],
 [11,15, 8, 0,10,12,21],
 [20,23,16,10, 0,16,30],
 [13,24,17,12,16, 0,21],
 [12,17,19,21,30,21, 0],
]
```

குறியாக்கம் எளிது. `5 4 3 1 2 6` என்றால் அம்மாபேட்டை, கன்னங்குறிச்சி, அஸ்தம்பட்டி, சூரமங்கலம், ஐந்து ரோடு, கொண்டலாம்பட்டி என்று போய்க் கடைக்குத் திரும்புவது. ஒவ்வொரு எண்ணும் ஒரே ஒரு முறை வர வேண்டும். 0 எப்போதும் முதலிலும் கடைசியிலும் இருப்பதால் அதை வரிசைக்குள் எழுதுவதில்லை.

ஆறு கடைக்கு ஜெனடிக் அல்காரிதம் தேவையே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மொத்தம் 720 வரிசைகள்தான். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் மிகக் குறைந்தது 84 நிமிடம், வரிசை `5 4 3 2 1 6`. அதைத் திருப்பிப் போட்டாலும் அதே 84. பதினைந்து கடை ஆனால் வரிசைகள் 1.3 லட்சம் கோடியைத் தாண்டும், அங்கேதான் இந்த முறை வேண்டும். ஆனால் சரியான விடை தெரிந்த ஆறு கடைக் கணக்கு கையில் இல்லாமல் பதினைந்து கடையில் பிழை தேடினால் இருட்டில் ஊசி தேடுவதுதான்.

## ஒரே கடை இரண்டு முறை வருகிறது, ஒரு கடை காணாமல் போகிறது

போன் வந்த அன்று பிடித்தது. இரண்டு வரிசைகளை எடுத்து நடுவில் வெட்டி, இதன் முன்பாதியையும் அதன் பின்பாதியையும் ஒட்டும் குறுக்கேற்றத்தைப் போட்டிருந்தேன். பாடப் புத்தகங்களில் 0, 1 சரங்களுக்கு அப்படித்தான் காட்டுகிறார்கள், அதற்கு அது சரி. கடை வரிசைக்கு ஆகாது. பாருங்கள்:

```
1 2 4 | 3 6 5
5 4 3 | 1 2 6
-------------
1 2 4   1 2 6
5 4 3   3 6 5
```

முதல் பிள்ளையில் 1, 2 இரட்டிப்பு. அஸ்தம்பட்டியும் அம்மாபேட்டையும் இல்லை. இரண்டாவதில் 3, 5 இரட்டிப்பு. சூரமங்கலமும் ஐந்து ரோடும் இல்லை.

எனக்கு அதிர்ச்சி தந்தது அடுத்தது. இந்தக் கெட்டுப்போன பிள்ளைகளின் நேரத்தைக் கூட்டினால் 100, 94. பெற்றோர் 103, 93. அதாவது கடையை விட்டுவிட்டுப் போகிற வரிசை மோசமாகத் தெரியவில்லை, முதல் பெற்றோரைவிட நன்றாகவே தெரிகிறது. போகாத கடைக்கு நேரம் ஆகாது, இருக்கும் கடையிலேயே மறுபடி நின்றால் 0 நிமிடம். தேர்வு இவற்றைத்தான் பொறுக்கும். நாற்பது தலைமுறை ஓடவிட்டபோது நிரல் 18 நிமிடம் என்று பெருமையாகச் சொன்னது. வரிசையை அச்சிட்டுப் பார்த்தால் `2 2 2 2 2 2`. ஐந்து ரோட்டுக்குப் போய், அங்கேயே நின்று, திரும்பி வருவது!

ஆகவே நேரம் நம்ப முடியாத அளவுக்குக் குறைந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதை. குறுக்கேற்றத்துக்கும் சடுதிமாற்றத்துக்கும் பிறகு ஒரு வரி போட்டுவைத்தால் பிழை முதல் தலைமுறையிலேயே நிரலை நிறுத்திவிடும்:

```python
assert sorted(child) == list(range(1, 7)), child
```

இரட்டிப்பானதைப் பிறகு தேடித் திருத்துகிற வழியும் உண்டு. எனக்குப் பிடிக்கவில்லை; திருத்தும் நிரலில் தனியாக ஒரு பிழை வந்து உட்கார்ந்துகொள்ளும். வரிசையைக் கெடுக்காத குறுக்கேற்றத்தையே போடலாம். நான் எடுத்தது ஆர்டர் கிராஸ்ஓவர், 1985-இல் லாரன்ஸ் டேவிஸ் சொன்னது:

```python
def ox(p, q, i, j):
    n = len(p)
    keep = p[i:j]
    rest = [q[(j + k) % n] for k in range(n)]
    rest = [x for x in rest if x not in keep]
    child = [None] * n
    child[i:j] = keep
    for k, x in enumerate(rest):
        child[(j + k) % n] = x
    return child
```

ஒரு பெற்றோரிடமிருந்து ஒரு துண்டை அப்படியே எடுத்து, அதே இடத்தில் வைக்கிறோம். மற்றவரின் வரிசையைத் துண்டு முடிந்த இடத்துக்கு அடுத்ததிலிருந்து சுற்றிப் படித்து, ஏற்கெனவே உள்ள கடைகளை விட்டுவிட்டு, மிச்சத்தைக் காலி இடங்களில் நிரப்புகிறோம். எந்தக் கடையும் இரண்டு முறை வர வழியில்லை.

## திரையில் ஒரு எண், கையில் ஒரு எண்

குறுக்கேற்றத்தை மாற்றிய பிறகும் நிரலை நம்பவில்லை. ஒரு தலைமுறையைத் தாளில் போட்டுப் பார்த்தேன். நாலே வரிசைகள்:

```
அ  3 1 5 2 6 4   136
ஆ  1 2 4 3 6 5   103
இ  5 4 3 1 2 6    93
ஈ  2 5 4 1 3 6   113
```

இ-யை மட்டும் விரித்துக் காட்டுகிறேன்: 13 + 16 + 10 + 15 + 8 + 19 + 12 = 93. முதல் 13 செவ்வாய்ப்பேட்டையிலிருந்து அம்மாபேட்டைக்கு. கடைசி 12 கொண்டலாம்பட்டியிலிருந்து திரும்பி வர. என் நிரல் இதற்கு 81 என்றது. வித்தியாசம் 12, அதாவது திரும்பும் பயணத்தைச் சேர்க்கவில்லை. உங்களுக்கு 68 வந்தால் போவது வருவது இரண்டையுமே விட்டிருக்கிறீர்கள். விட்டுப்போன எண்ணே எந்த வரியில் பிழை என்று சொல்லிவிடும். அதனால்தான் சராசரியைப் பார்க்காமல் ஒரே ஒரு வரிசையைக் கையால் கூட்டச் சொல்கிறேன்.

```python
def cost(r):
    t = [0] + r + [0]
    return sum(T[a][b] for a, b in zip(t, t[1:]))
```

நாலின் சராசரி 111.25. அடுத்து தேர்வு. குலுக்கலில் இரண்டிரண்டாக எடுத்து, நேரம் குறைந்ததை வைத்துக்கொள்வது. ஆ-வும் ஈ-யும் வந்தன, ஆ ஜெயித்தது. அ-வும் இ-யும் வந்தன, இ ஜெயித்தது. பெற்றோர் ஆ, இ.

குறுக்கேற்றத்துக்கு முதல் மூன்று இடங்களைத் துண்டாக எடுத்தேன். இ-யிலிருந்து `5 4 3`. இப்போது ஆ-வை நான்காம் இடத்திலிருந்து சுற்றிப் படித்தால் 3, 6, 5, 1, 2, 4. இதில் 5, 4, 3 போனால் மிச்சம் 6, 1, 2. பிள்ளை `5 4 3 6 1 2`. நேரம் 13 + 16 + 10 + 21 + 17 + 8 + 9 = 94.

இதையே மாற்றிச் செய்தால் ஆ-விலிருந்து `1 2 4`. இ-யை நான்காம் இடத்திலிருந்து படித்தால் 1, 2, 6, 5, 4, 3. மிச்சம் 6, 5, 3. இரண்டாம் பிள்ளை `1 2 4 6 5 3`, நேரம் 112. பெற்றோர் இருவரையும்விட மோசம். அது நடக்கக்கூடியதுதான், பிழையல்ல. கன்னங்குறிச்சியிலிருந்து நேராகக் கொண்டலாம்பட்டிக்கு 30 நிமிடம் ஓடச் சொல்கிறது அது, ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு.

சடுதிமாற்றம்: வரிசையின் ஒரு துண்டைத் திருப்பிப் போடுவது. குலுக்கலில் முதல் பிள்ளைக்கு விழவில்லை. இரண்டாவதற்கு விழுந்தது, இடங்கள் 4 முதல் 6 வரை. `6 5 3` திரும்பி `3 5 6` ஆகிறது: `1 2 4 3 5 6`. நேரம் 14 + 8 + 16 + 10 + 12 + 21 + 12 = 93. 112 இருந்த இடத்தில் 93.

அடுத்த தலைமுறைக்குப் பழையதில் முதல் இரண்டையும் புதிய பிள்ளைகள் இரண்டையும் வைத்தேன்:

```
5 4 3 1 2 6    93
1 2 4 3 5 6    93
5 4 3 6 1 2    94
1 2 4 3 6 5   103
```

சராசரி 95.75. ஆனால் மிகச் சிறந்தது அதே 93, நகரவில்லை. சிறந்த எண்ணை மட்டும் திரையில் அச்சிட்டுப் பார்ப்பவர் இந்த இடத்தில் "ஒன்றும் நடக்கவில்லை" என்று நிரலைக் கலைக்க ஆரம்பிப்பார். நானும் ஒருமுறை கலைத்தேன். சராசரியையும் சேர்த்து அச்சிட்டால் 111-லிருந்து 96-க்கு இறங்கியது தெரியும். இன்னொன்றும் தெரியும்: 94 ஆன `5 4 3 6 1 2`-இல் கடைசி மூன்றைத் திருப்பினால் `5 4 3 2 1 6`, அதாவது 84. விடை ஒரு குலுக்கல் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறது, அதுவும் 93 வரிசையிடம் இல்லாமல் 94 வரிசையிடம்.

இந்தத் தாளை வைத்துக்கொண்டு `ox(இ, ஆ, 0, 3)` என்பதற்கு நிரல் என்ன தருகிறது என்று ஒப்பிட்டால் போதும். ஒரு எச்சரிக்கை: சில நிரல்களில் மற்றப் பெற்றோரைத் தொடக்கத்திலிருந்து படிப்பார்கள். அதுவும் செல்லும். ஆனால் இங்கே அப்படிப் படித்தால் மிச்சம் 1, 2, 6 என்று வந்து, பிள்ளை `5 4 3 1 2 6`, இ-யின் அச்சாகவே பிறக்கும்.

## சிறந்த நேரம் கூடுகிறது

முதல் இடத்தை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோகிறோம் என்றால் சிறந்த நேரம் ஒருபோதும் கூடக் கூடாது. அப்படியே நிற்கலாம், இறங்கலாம். எனக்கு ஒரு முறை 93 இருந்தது 101 ஆனது. பைத்தானில் பழக்கப்பட்டவர்களுக்குச் சட்டென்று தெரியும்:

```python
elite = min(pop, key=cost)
```

இது நகல் அல்ல, அதே பட்டியலுக்கு இன்னொரு பெயர். அப்புறம் சடுதிமாற்றம் `r[i:j] = r[i:j][::-1]` என்று அதே பட்டியலைத் திருப்பும்போது காப்பாற்றி வைத்ததும் சேர்ந்து திரும்புகிறது. `5 4 3 1 2 6` கண்ணெதிரே `5 4 3 6 2 1` ஆகிவிட்டது. கடைசியில் `[:]` சேர்த்தால் தீர்ந்தது. முந்தைய அறிகுறிக்குப் போட்ட `assert` இதைப் பிடிக்காது, ஏனென்றால் வரிசை செல்லுபடியானதுதான். தலைமுறைக்குத் தலைமுறை சிறந்த நேரத்தை ஒப்பிடும் தனி `assert` வேண்டும்.

## இருபது தலைமுறையில் எல்லாம் ஒன்றாகிவிடுகிறது

பதினைந்து கடைக்குப் போனதும் வந்தது. நேரம் சட்டென்று இறங்கி, பிறகு ஆயிரம் தலைமுறை ஓடினாலும் அசையாது. `len(set(map(tuple, pop)))` என்று எத்தனை வெவ்வேறு வரிசைகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். எண்பதில் மூன்றுதான் வெவ்வேறு என்று வந்தது எனக்கு. பெற்றோர் இருவரும் ஒரே வரிசை என்றால் ஆர்டர் கிராஸ்ஓவர் அதையேதான் திருப்பித் தரும், எங்கே வெட்டினாலும். அப்புறம் வேலை செய்வது சடுதிமாற்றம் மட்டும்.

என் காரணம், போட்டிக்கு எட்டெட்டாக எடுத்தது. எட்டில் ஜெயிப்பது கிட்டத்தட்ட எப்போதும் அதே நாலைந்து பேர்தான். இரண்டாகக் குறைத்தேன், காப்பாற்றுவதை ஒன்றாக்கினேன், ஏற்கெனவே இருக்கும் வரிசையே பிள்ளையாகப் பிறந்தால் அதன்மேல் கட்டாயமாக ஒரு திருப்பலைப் போட்டேன். சரியானது. இதற்கு நேர்மாறான நோயும் உண்டு: சடுதிமாற்றத்தை ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று நாலு முறை போட்டால் சராசரி இறங்கவே இறங்காது, முதல் தலைமுறை மாதிரியே இருக்கும். அது வெறும் குலுக்கல்.

## நல்ல பெற்றோருக்கு மோசமான பிள்ளை

இதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு அதிக நாள் ஆனது. ஆறு கடைக் கணக்கில் 84 வரிசை இரண்டு வடிவில் இருக்கிறது: `6 1 2 3 4 5`, அதன் தலைகீழ் `5 4 3 2 1 6`. வண்டிக்கு இரண்டும் ஒரே வட்டம், எதிர்த் திசை. இவை இரண்டும் பெற்றோராக வந்து, நடுவிலுள்ள `2 3` துண்டாக அமைந்தால் பிள்ளை `5 4 2 3 1 6`. நேரம் 97. சிறந்த இரண்டு பேருக்குப் பிறந்தது இது. ஒருவர் வலமாகவும் ஒருவர் இடமாகவும் சுற்றும்போது, வலத் துண்டை இட வரிசைக்குள் செருகினால் அஸ்தம்பட்டிக்குப் போக வேண்டிய வண்டி ஐந்து ரோட்டுக்குத் தாவித் திரும்புகிறது.

அறிகுறி: கூட்டத்தின் சிறந்த நேரம் நன்றாக இருக்கும், பிள்ளைகளின் சராசரி மட்டும் பெற்றோரைவிட எப்போதும் மோசமாக இருக்கும். மருந்து ஒரே வரி. முதல் கடையின் எண் கடைசிக் கடையின் எண்ணைவிடப் பெரிதாக இருந்தால் வரிசையைத் திருப்பிவிடுவது:

```python
if r[0] > r[-1]: r.reverse()
```

எல்லோரும் ஒரே திசையில் சுற்ற ஆரம்பிப்பார்கள்.

## திரையில் சரி, டிரைவர் சிரிக்கிறார்

இந்த வரியைப் போட்டுச் சில வாரம் நன்றாக ஓடியது. அப்புறம் மாமா ஏற்காட்டில் இரண்டு கடை பிடித்தார். சீட்டில் ஏற்காடு முதலில் வந்தது. டிரைவர் அண்ணன் சீட்டைப் பார்த்துச் சிரித்தார்: "முழு லோடோட இருபது கொண்டை ஊசி வளைவு ஏறச் சொல்றீங்களா தம்பி? ஃபர்ஸ்ட் கியர்லயே மத்தியானம் ஆயிடும்."

முதலில் நான் நினைத்தது ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் ஒரே நிமிடம் போட்டதுதான் தப்பு என்று. மாற்றிப் பார்த்தேன், வரிசை மாறவில்லை. யோசித்தால் நியாயம்தான்: எந்த வரிசையில் போனாலும் மலையில் ஒரு முறை ஏறுகிறோம், ஒரு முறை இறங்குகிறோம். கூட்டுத்தொகையில் அது எல்லா வரிசைக்கும் சமமாகத்தான் சேரும். உண்மையான வித்தியாசம், ஏறும்போது வண்டியில் எத்தனை மூட்டை மிச்சம் இருக்கிறது என்பது. அது நிமிட அட்டவணையில் எங்குமே இல்லை. நேரம் கூட்டும் இடத்தில் லோடும் வர வேண்டும்:

```python
def cost(r):
    load, t, at = sum(W), 0, 0
    for s in r + [0]:
        t += T[at][s] + slow(at, s, load)
        load -= W[s]
        at = s
    return t
```

`W` ஒவ்வொரு கடைக்குமான மூட்டை எடை, `W[0]` பூஜ்யம். `slow` மலைக்கு ஏறும் பாதைக்கு மட்டும் லோடைப் பொறுத்துக் கூடுதல் நிமிடம் தரும், மற்றதற்கு 0. எவ்வளவு கூடுதல் என்பதை டிரைவர் அண்ணனிடம்தான் கேட்டேன்.

போட்டும் சீட்டில் ஏற்காடு முன்னாலேயே நின்றது. அரை நாள் தேடிய பிறகு தெரிந்தது, குற்றவாளி அந்த `reverse` வரி. லோடு சேர்ந்ததும் ஒரு வரிசையும் அதன் தலைகீழும் ஒரே நேரம் அல்ல. மலையைக் கடைசியில் வைக்கும் நல்ல வரிசை பிறந்தாலும், ஏற்காட்டின் எண் சிறியது என்பதால் இந்த வரி அதைத் திருப்பி, மலையை முன்னால் கொண்டுவந்து வைத்தது. நல்ல விடைகளில் பாதி பிறந்தவுடனே தலைகீழாகின. வரியை எடுத்தேன், ஏற்காடு கடைசிக்குப் போனது. எதிர்த் திசைப் பெற்றோர் தொல்லையும் தானாகவே குறைந்தது, லோடு காரணமாக ஒரு திசை எப்போதும் தோற்றுப்போவதால்.

ஆனால் மலைக்குக் கடைசியாகப் போனால் மாலையில் பனி இறங்கிவிடுகிறது என்கிறார் டிரைவர் அண்ணன், அதற்கு `cost`-இல் இன்னும் ஒன்றும் எழுதவில்லை. இப்போதைக்கு ஏற்காடு லோடைச் செவ்வாயும் வெள்ளியும் தனி நடையாக்கிவிட்டோம். மற்ற நாட்களுக்கு அந்த `reverse` வரி மறுபடி உள்ளே இருக்கிறது.